"இது எங்கிருந்து எடுத்தாய்?": சொந்தக் கட்டுரைக்கு வைவா தயாரிப்பது எப்படி

என் அக்கா மகள் பி.ஏ. வரலாறு, கடைசி செமஸ்டர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்த குளச்சல் போரைப் பற்றி 40 பக்கம் ப்ராஜெக்ட் எழுதியிருந்தாள். அட்டையில் பத்மநாபபுரம் அரண்மனை ஓவியம், பொன்னெழுத்து, பைண்டிங் எல்லாம் முடித்துக் கல்லூரியில் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் வைவா. தக்கலையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தவள், "போரைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்லிருவேன் மாமா" என்றாள்.

நான் 12-ஆம் பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தேன். "இது எங்கிருந்து எடுத்தாய் மக்களே?"

"புக்குல இருந்துதான்."

"எந்த புக்?"

குனிந்து அடிக்குறிப்பைப் பார்த்தாள். "நாகம் அய்யா."

"அந்தப் புத்தகத்தை நீ கையில் எடுத்துப் பார்த்தாயா?"

சாயாவை ஆற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் பதிலே வரவில்லை. முகத்தில் வெப்ராளம் தெரிந்தது.

நான் வரலாறு பாடம் நடத்தியவன், மற்ற கல்லூரிகளுக்கு எக்ஸ்டர்னலாகவும் போயிருக்கிறேன். பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். போரைப் பற்றிப் படித்துவிட்டு வருவார்கள், ஆனால் கேள்வி போரைப் பற்றி இருக்காது. மார்த்தாண்ட வர்மா எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தார் என்று கேட்பதற்கு எழுத்துத் தேர்வு இருக்கிறது. வைவாவில் எதிரே கிடப்பது நீங்கள் எழுதிய கட்டுரை, கேள்வியெல்லாம் அதைப் பற்றித்தான். இந்தச் செய்தி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, ஏன் இதை எடுத்து அதை விட்டீர்கள், இதிலிருந்து அந்த முடிவுக்கு எப்படிப் போனீர்கள். எழுதியது நீங்கள்தானா என்ற சந்தேகம் இருந்தாலும் அதைத் தீர்த்துக்கொள்ள இதே கேள்விகள்தான். எழுதியவருக்கு இவை பெரிய கேள்விகள் இல்லை. ஆனால் எழுதியவருக்கே இரண்டு மாதத்தில் மறந்துபோகும். அதனால்தான் தயாரிப்பு வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலமே வேலையைத் தொடங்கினோம். முதலில் ப்ராஜெக்டை ஒரு ஜெராக்ஸ் எடுத்தோம், ஒருபக்கப் பிரதியாக. பைண்டு செய்த பிரதியில் பென்சில் வைக்க மனம் வராது, வைக்காமல் இந்த வேலை நடக்காது. பிறகு முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போய், ஓரத்தில் மூன்று விதமான குறி மட்டும் போடச் சொன்னேன். வெளியிலிருந்து வந்த செய்தி என்றால் 'ஆ', அதாவது ஆதாரம். அவளாக எடுத்த முடிவு என்றால் 'தே', தேர்வு. அவளுடைய சொந்தக் கருத்து, 'ஆகவே', 'இதனால்' என்று வருகிற வரி என்றால் 'வா', வாதம். எல்லா வரிக்கும் குறி போட வேண்டியதில்லை. அந்த வரியை உருவினால் பத்தி சரிந்துவிடுமா என்று பார்த்து, சரியும் என்றால் மட்டும் குறி. 40 பக்கத்தில் 'ஆ' முப்பதுக்கு மேல் வந்தது. 'தே' ஒன்பது. 'வா' ஆறே ஆறு. 40 பக்கம் படிக்க வேண்டும் என்று நினைத்து வந்தவளுக்கு, நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் ஐம்பதுக்குள்தான் என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்தக் குறி என்று தீர்மானிக்க முடியாத வரிகள் சில வரும். 'மன்னரின் படைபலத்தைக் கண்டு டச்சுக்காரர்கள் அஞ்சினர்' என்று ஒரு வரி. இது ஆதாரமா, வாதமா? யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, அல்லது நீயாக ஊகித்தாயா? அவளுக்கே தெரியவில்லை. அப்படிப்பட்ட வரிக்குக் கேள்விக்குறி. எக்ஸ்டர்னல் கண் முதலில் விழுவது அந்த வரியில்தான், ஏனென்றால் ஆதாரமா கருத்தா என்று தெரியாத வரி வாசிக்கும்போதே நெருடும்.

இனி 'ஆ' குறிகள். நாகம் அய்யாவுக்கே திரும்புகிறேன். அவர் எழுதிய திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் 1906-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. நம் மாவட்டத்து வரலாற்றை யார் எழுதினாலும் அடிக்குறிப்பில் அந்தப் பெயர் வரும். பலபேர் அதைத் திறந்து பார்த்ததில்லை. இவளும் ஒரு தமிழ் நூலில் இருந்த மேற்கோளை எடுத்துக்கொண்டு, அந்த நூல் கொடுத்திருந்த அடிக்குறிப்பையும் சேர்த்து எடுத்துவிட்டாள். திருட்டு என்று சொல்ல மாட்டேன், சோம்பல். ஆனால் வைவாவில் இது கழுத்தைப் பிடிக்கும். எனக்கே நடந்திருக்கிறது. என் எம்.ஃபில். வைவாவில் எக்ஸ்டர்னல் ஓர் அடிக்குறிப்பைக் காட்டி, "இந்தப் பக்கத்தில் அட்டவணை இருக்கிறதே, நீங்கள் சொல்வது எங்கே?" என்றார். நான் வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்த அடிக்குறிப்பு அது, அந்தக் கட்டுரையிலேயே பக்க எண் தப்பு. தப்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறேன். அவர் கைப்பையில் அந்தப் புத்தகம் இருந்ததுதான் கொடுமை.

ஆகவே ஒவ்வொரு 'ஆ'வுக்கும் ஒரு கேள்விதான்: நான் கையில் எடுத்துப் பார்த்ததா, இன்னொருவர் வழியாக வந்ததா? இன்னொருவர் வழி என்றால் பெரிய குற்றமில்லை. 'இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதியிருந்தால் முடிந்தது. எழுதாமல் பைண்டு செய்தாகிவிட்டது என்றால், இப்போதாவது மூல நூலைப் பார்த்துவிடலாம். மானுவலின் ஸ்கேன் பிரதி இணையத்தில் கிடைக்கிறது. அவள் அன்றிரவே போனில் தேடி, மேற்கோள் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. ஆனால் முன்னும் பின்னும் உள்ள வரிகளை வாசித்தபோதுதான் அது எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது என்று அவளுக்குப் புரிந்தது. மேற்கோளின் முன் ஒரு பக்கம், பின் ஒரு பக்கம் வாசித்திருந்தால் ஆதாரம் பற்றிய கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வரும்.

மீதிப் பாதி, ஆதாரத்தின் பிறப்பைப் பற்றியது. யார் எழுதினார், எப்போது, யாருக்காக? போர் நடந்தது 1741. மானுவல் வந்தது 1906. இடையில் 165 ஆண்டு. எழுதியவர் திருவிதாங்கூர் அரசின் திவான் பேஷ்கார், அதாவது வென்ற தரப்பின் உத்தியோகஸ்தர். தோற்ற தரப்பின் குரல் எங்கே என்று எக்ஸ்டர்னல் கேட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. மலபாரில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த கொலனெஸ், 1743-இல் பொறுப்பை ஒப்படைக்கும்போது தனக்குப் பின் வருபவருக்காக ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1911-இல் சென்னை அரசாங்கம் கல்லெட்டி என்பவரின் பதிப்பில் வெளியிட்டது. போர் நடந்து இரண்டே ஆண்டில் எழுதியது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தன் காலத்தில் நடந்த தோல்வியைப் பற்றி எழுதுகிற அதிகாரி தன் பக்கத்தைக் கொஞ்சம் மெழுகத்தான் செய்வார். இதை வைவாவில் அவளே சொன்னால் எக்ஸ்டர்னலுக்கு அடுத்த கேள்வி மிச்சமிருக்காது. "டச்சு மூலம் ஏன் பார்க்கவில்லை?" என்றால், "எனக்கு டச்சு தெரியாது சார், மொழிபெயர்ப்பு வழியாகத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிடலாம். பி.ஏ. பிள்ளையிடம் யாரும் டச்சு எதிர்பார்ப்பதில்லை. தெரிந்தது போல மழுப்பினால்தான் கோபம் வரும்.

தேதி விஷயத்துக்கு மட்டும் ஒரு முழு மணிநேரம் போயிற்று. அதைச் சொல்லாமல் விட முடியாது. சில நூல்களில் குளச்சல் போர் 1741 ஜூலை 31 என்று இருக்கும், சிலவற்றில் ஆகஸ்ட் 10. இவள் ஜூலை 31 என்று எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் 'பழைய நாட்காட்டிப்படி' என்று ஒரு விளக்கமும் போட்டிருந்தாள். எங்கோ படித்தது. நான் கேட்டேன், "பழைய நாட்காட்டிக்கும் புதியதுக்கும் அந்த நூற்றாண்டில் எத்தனை நாள் வித்தியாசம்?" தேடிப் பார்த்தாள். 11 நாள். 10 நாள் வித்தியாசம் என்பது 1700-க்கு முன்பு வரைக்கும்தான். அப்படியென்றால் ஜூலை 31-உடன் 11 நாள் கூட்டினால் ஆகஸ்ட் 11 வர வேண்டும், புத்தகத்தில் 10 இருக்கிறது. ஒரு நாள் இடிக்கிறது. அதற்கு மேல், ஹாலந்து 1583 வாக்கிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்துதான் 1752 வரை பழையதை வைத்திருந்தது. ஆக டச்சுக் கம்பெனி சம்பந்தப்பட்ட தேதிக்குப் பழைய நாட்காட்டி என்ற விளக்கம் எளிதில் ஒட்டாது.

"அப்போ எது சரி மாமா?" என்றாள். அதைத் தீர்க்க வேண்டியது நீ இல்லை என்றேன். தேதியைத் தீர்த்துவைக்கும்படி யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. இரண்டு தேதி இருப்பது தெரியுமா, ஏன் ஒன்றை எடுத்தாள் என்பதைத்தான் கேட்பார்கள். அவள் தயார் செய்த பதில் இதுதான்: "இரண்டு தேதியும் நூல்களில் இருக்கு சார். குளச்சல் வெற்றித் தூணில் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துறது ஜூலை 31 என்கிறதால அதை எடுத்தேன். நாட்காட்டி வித்தியாசம்னு அடிக்குறிப்பில் எழுதினது கணக்குக்குச் சரியா வரலை, அது என் தவறு. என் வாதம் எதுவும் இந்தப் பத்து நாளை நம்பி நிற்கலை." கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒரு தப்பு கட்டுரையின் எந்த இடம் வரைக்கும் பாய்கிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு அந்தத் தப்பால் பெரிய நஷ்டம் வராது.

'தே' குறிகளில் தலைவலி குறைவு. ஆனால் நேர்மை வேண்டும். ஏன் 1729-இல் தொடங்கி 1753-இல் முடித்தாய்? அவளுடைய உடனடிப் பதில், "கைடு சொன்னாங்க." கைடு சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பக்கத்து நாற்காலியில் அதே கைடு உட்கார்ந்திருப்பார். அவர் எதற்காகச் சொன்னார் என்று யோசித்தால் காரணம் கிடைத்துவிடும். 1729 மார்த்தாண்ட வர்மா பட்டமேறிய ஆண்டு. 1753 மாவேலிக்கரை ஒப்பந்தம், அதில் திருவிதாங்கூரின் விரிவாக்கத்தில் தலையிடுவதில்லை என்று டச்சுக் கம்பெனி ஒத்துக்கொண்டது. கட்டுரையின் கேள்வி கம்பெனியைப் பற்றியது என்பதால் அங்கே நிறுத்தினேன், மன்னரின் வாழ்க்கை வரலாறு என்றால் அவர் மறைந்த 1758 வரை போயிருப்பேன் என்று சொன்னால் அது தேர்வு. கைடு சொன்னாங்க என்பது தகவல் மட்டும்தான்.

இன்னொரு 'தே' கொஞ்சம் சுவாரசியமானது. அவள் குளச்சலில் மூன்று பெரியவர்களிடம் போய்ப் பேசியிருந்தாள். பனந்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கடற்கரையில் வரிசையாக நிறுத்திப் பீரங்கி போலக் காட்டினார்கள், மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கி போல நின்றார்கள் என்று நம் பக்கம் சொல்வார்களே, அதைத்தான் மூன்று பேரும் சொல்லியிருந்தார்கள். அதை உடல்பகுதியில் சேர்க்காமல் பின்னிணைப்பில் வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "அது கதைதானே மாமா?"

இந்தப் பதிலை நான் விடவில்லை. குளச்சலில் வளர்ந்த ஒருவர் எக்ஸ்டர்னலாக வந்தால் இந்த ஒரு வார்த்தையிலேயே முகம் மாறிவிடும். அதைவிட முக்கியம், அது சரியான காரணமும் இல்லை. வாய்மொழி வழக்கும் ஆதாரம்தான், அதற்கென்று தனிக் கேள்விகள் உண்டு. அந்தப் பெரியவர்கள் இதை யாரிடம் கேட்டார்கள்? பாட்டியிடமா, பள்ளியிலா, வெற்றித் தூண் விழாவில் யாராவது மைக்கில் சொன்னதா? அச்சில் வந்த கதை திரும்பவும் வாய்க்குப் போய், வாயிலிருந்து ப்ராஜெக்டுக்கு வருவது அடிக்கடி நடக்கிறது. அவள் குறிப்பு நோட்டைப் புரட்டினாள். இரண்டு பேர் அப்பாவிடம் கேட்டதாகச் சொல்லியிருந்தார்கள், ஒருவரிடம் அவள் கேட்கவே இல்லை. சரி, பதில் இப்படி அமைந்தது: "மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொன்னாங்க. ஆனா அச்சு நூல்களிலும் இது இருக்கிறதால, அவங்க நினைவு தனியானதா, படிச்சுக் கேட்டு வந்ததான்னு என்னால பிரிக்க முடியலை. அதனால வாதத்துக்குப் பயன்படுத்தாம, பதிவா மட்டும் பின்னிணைப்பில் வெச்சேன்." முதல் பதிலுக்கும் இதற்கும் நடுவே நோட்டைப் புரட்டிய பத்து நிமிஷம்தான்.

அப்புறம் 'வா'. ஆறு குறி என்றேன் அல்லவா, அதில் ஒன்றுக்கே இரண்டாவது நாள் முழுக்கப் போயிற்று. முன்னுரையின் கடைசி வரி: 'ஆசியாவிலேயே ஐரோப்பிய வல்லரசு ஒன்றை முதன்முதலில் வீழ்த்திய போர் குளச்சல் போரே ஆகும்.' மேடையில் எல்லாரும் சொல்வது, நம் ஊருக்குப் பெருமையும்கூட. அதனாலேயே யாரும் சோதிப்பதில்லை.

"1662-இல் தைவானில் ஸீலாண்டியா கோட்டையை டச்சுக் கம்பெனியிடமிருந்து பிடித்தது யார்?" என்று கேட்டேன். தெரியவில்லை. கொக்சிங்கா என்ற சீனத் தளபதி. அதே டச்சுக் கம்பெனி, குளச்சலுக்கு 79 ஆண்டுக்கு முன். அவ்வளவு தூரம் போவானேன், 1571-இல் கோழிக்கோட்டு சாமூதிரி சாலியத்தில் போர்த்துக்கீசியர் கோட்டையைப் பிடித்திருக்கிறார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்போ என் ப்ராஜெக்டே போச்சா?"

வைவாவில் இந்த மாதிரி அடி விழும்போது பிள்ளைகள் இரண்டு விதமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் "புத்தகத்தில் அப்படித்தான் சார் இருக்கு" என்று முரண்டு பிடிப்பார். இன்னொருவர் "தப்புதான் சார், ஸாரி சார்" என்று முழுக் கட்டுரையையும் சேர்த்துக் கைகழுவிவிடுவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். எந்த வரி எதைத் தாங்குகிறது என்று தெரியாது.

ஆகவே ஒரு காகிதத்தில் அவளுடைய மைய வாதத்தை இரண்டு வரியில் எழுதச் சொன்னேன். மூன்று தடவை அடித்துத் திருத்திய பிறகு வந்தது: குளச்சல் தோல்விக்குப் பின் டச்சுக் கம்பெனியால் தெற்கே தன் மிளகு வணிகத்தைப் படைபலத்தால் காக்க முடியவில்லை, 1753 ஒப்பந்தம் அதன் விளைவு. இப்போது பார், 'ஆசியாவிலேயே முதல்' என்ற வரியை எடுத்துவிட்டால் இந்த வாதம் விழுமா? விழாது. முதலோ ஐந்தாவதோ, கம்பெனிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். அப்படியானால் அந்த வரியைக் கையிலிருந்து விட்டுவிடலாம். "முதல் என்று சொன்னது மிகை சார், 1662-இல் தைவானில் இதே கம்பெனி தோற்றிருக்கு. இந்திய மண்ணில் டச்சுக் கம்பெனிக்கு விழுந்த பெரிய அடிகளில் ஒன்று என்பதோடு நிறுத்தியிருக்கணும். என் வாதம் அதற்குப் பின் வந்த மிளகு வணிகத்தைப் பற்றியது." வரியைச் சுருக்கியாயிற்று, வாதம் அப்படியே நிற்கிறது.

நிஜமான ஆபத்து வேறு பக்கம் இருந்தது. 1741-க்கும் 1753-க்கும் நடுவே 12 ஆண்டு இருக்கிறது. 12 ஆண்டு கழித்து வந்த ஒப்பந்தத்துக்குக் குளச்சல்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய்? இது அவளுக்கும் உறைத்தது, ஏனென்றால் இந்த முறை அடி மைய வாதத்தின் மேலேயே விழுகிறது, விட்டுக்கொடுத்தால் கட்டுரை போகும். யோசித்துப் பார்த்தால் பதில் அவள் கட்டுரைக்குள்ளேயே 26-ஆம் பக்கத்தில் இருந்தது. 1746-இல் மார்த்தாண்ட வர்மா காயங்குளத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். டச்சுக்காரர்கள் மிளகுக்கு நம்பியிருந்தது காயங்குளம் போன்ற சிறு அரசுகளைத்தான். அவை ஒவ்வொன்றாகப் போனபோது மிளகு மன்னர் கைக்கு வந்தது. ஆக, குளச்சல் கம்பெனியின் படையைத் தடுத்தது, காயங்குளம் கம்பெனியின் மிளகை எடுத்தது, இரண்டும் சேர்ந்துதான் 1753. எழுதும்போது காயங்குளத்தை ஒரு பத்தியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டிருந்தாள். வைவா தயாரிப்பில்தான் அது தன் வாதத்தின் இன்னொரு கால் என்று தெரிந்தது. 'குளச்சலே காரணம்' என்று எழுதிய இடங்களில் எல்லாம் ஜெராக்ஸ் ஓரத்தில் '26-ஆம் பக்கம் பார்' என்று குறித்துக்கொண்டாள்.

ஆறு வாதத்துக்கும் இப்படி ஒவ்வொரு எதிர்க்கேள்வி எழுதி வைத்தாலே போதும். பத்து எழுதத் தேவையில்லை. இருப்பதில் பலமான ஒன்று, அதாவது உங்களுக்கே கேட்கப் பிடிக்காத ஒன்று. அதற்குப் பதில் வந்துவிட்டால் மற்றவை அதற்குள் அடங்கும்.

கடைசி மூன்று நாள் பேசிப் பார்ப்பதற்கு. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது பேசிப் பார்ப்பது ஆகாது, வாயைத் திறக்கும்போதுதான் 'அது வந்து', 'என்னன்னா' எல்லாம் வரும். கேள்வி கேட்க அவள் தம்பியை உட்கார வைத்தோம். அவன் பாலிடெக்னிக், வரலாறு ஒன்றும் தெரியாது. அதனால்தான் நல்ல ஆள். நான் கேட்டால் பாதி சொன்னதும் புரிந்துவிடும், தலையாட்டிவிடுவேன். அவன் "அப்படின்னா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். போனில் பதிவு செய்து திரும்பக் கேட்டாள். ஒரு பதில் நான்கு நிமிஷம் ஓடியிருந்தது. குளச்சலில் ஆரம்பித்து வேணாட்டுக்குப் போய், எட்டுவீட்டுப் பிள்ளைமாரைச் சுற்றிவிட்டு வந்திருந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் முடி என்றேன். முதல் வாக்கியத்திலேயே பதில் வந்துவிட வேண்டும், அடுத்து அதற்கு ஆதாரம், பிறகு அது எதுவரைக்கும் செல்லும் என்று ஒரு வரி. மேலும் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள். பதிலை வரிக்கு வரி மனப்பாடம் செய்ய விடவில்லை. மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு சொல் நழுவினால் முழுதும் நழுவும், கேட்பவருக்கும் ஒப்பிக்கிறார் என்று உடனே தெரியும்.

சில சில்லறை விஷயங்கள். கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் பதில் சொல்லலாமா என்று கைடிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும், அங்கே போய்க் கேட்பது சங்கடம். பக்கங்களில் நிறத்தாள் ஒட்டிய பிரதி ஒன்றைக் கையில் கொண்டுபோகலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "17-ஆம் பக்கம் பார்த்துச் சொல்லட்டுமா சார்?" என்பது தப்பே இல்லை, பக்கம் சட்டென்று வந்தால் எழுதியவர் இவர்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அதோடு, தெரிந்துகொள்ள எங்கே தேடியிருப்பீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அதற்காக வாயைத் திறக்க வேண்டாம். வாதத்தைத் தொடுகிற தப்பு என்றால் மட்டும் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. இவள் 'ஆசியாவிலேயே முதல்' வரியை முதல் இரண்டு நிமிஷத்திலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

வைவா அன்று மத்தியானம் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தாள். தேதியை யாரும் கேட்கவில்லையாம். மாவேலிக்கரையைக் கேட்டார்கள், 26-ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினாளாம். ஆனால் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி வேறு. ப்ராஜெக்டை எடுத்து, திறக்காமலேயே, அட்டையைத் தட்டி, "டச்சுத் தளபதி டி லனாய் மன்னர் முன்னால் மண்டியிட்டிருக்கிறாரே, இந்த ஓவியத்தை யார் வரைந்தது, எப்போது?" என்றிருக்கிறார்.

40 பக்கமும் குறி போட்ட நாங்கள் அட்டைக்குப் போடவில்லை.

"என்ன சொன்னாய்?" என்றேன்.

"அரண்மனையில நான் எடுத்த போட்டோ சார், போர் நடந்த காலத்துப் படம் இல்லை, ரொம்பப் பின்னாடி வரைஞ்சது, வரைஞ்சவர் யாருன்னு நான் பார்க்கலை, அதனால உள்ளே எங்கேயும் இதை ஆதாரமா வைக்கலைன்னேன்." பின்னால் தக்கலை பஸ் கண்டக்டர் கூப்பிடும் சத்தம் கேட்டது. "அவர் ஒண்ணும் சொல்லலை மாமா. அட்டையைத் திருப்பிட்டு, 'சரி, முன்னுரைக்கு வாங்க'ன்னார்."